ஜனவரியில் சம்பளம் ஏன் இளைக்கிறது?

சம்பளத்துக்கான வருமான வரி ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவது. ஆனால் அது வசூலாவது மாதாமாதம். ஏப்ரல் மாதச் சம்பளத்தில் முதல் பிடித்தம் நடக்கும்போது அந்த நிதியாண்டில் இன்னும் பதினொரு மாதங்கள் பாக்கி. போனஸ் வருமா, சம்பளம் உயருமா, ஊழியர் சொன்னபடி காப்பீட்டு பிரீமியம் கட்டுவாரா என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே நிறுவனம் பிடிப்பது வரி அல்ல, வரியின் மதிப்பீடு. மார்ச் நெருங்க நெருங்க மதிப்பீடு மெய்யான கணக்காக மாறியாக வேண்டும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் அது கடைசி சில மாதச் சம்பளத்தில்தான் வந்து விழும்.

இந்தியாவில் இதற்கான அடிப்படை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192-ஆவது பிரிவு. ஊழியருக்கு அந்த ஆண்டு முழுவதும் கிடைக்கக்கூடிய சம்பளத்தை நிறுவனம் மதிப்பிட வேண்டும், அதற்கான வரியைக் கணக்கிட்டு, சராசரி விகிதத்தில் ஒவ்வொரு மாதமும் பிடிக்க வேண்டும் என்கிறது அது. முன்பு கூடுதலாகவோ குறைவாகவோ பிடித்திருந்தால் அதே ஆண்டின் பிந்தைய மாதங்களில் சரிசெய்துகொள்ளலாம் என்று அதன் மூன்றாவது உட்பிரிவு அனுமதிக்கிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடப்பதெல்லாம் இந்த உட்பிரிவின் வேலைதான். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. மதிப்பிட்டுப் பிடித்து, பிறகு சரிசெய்யும் முறை மாறவில்லை. கீழே வரும் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை.

ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனம் ஊழியரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கும். முதலாவது, பழைய வரிமுறையா, புதிய வரிமுறையா என்பது. பதில் வராவிட்டால் புதிய முறைதான். இரண்டாவது, பழைய முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும் பெரிதாகப் பொருந்துவது: இந்த ஆண்டு என்னென்ன சேமிப்பும் செலவும் செய்யப்போகிறீர்கள் என்ற அறிவிப்பு. வீட்டு வாடகை, வீட்டுக்கடன் வட்டி, எல்.ஐ.சி., பி.பி.எஃப்., மருத்துவக் காப்பீடு என்று அலுவலக இணையதளத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். இந்தக் கட்டங்களை நிரப்ப எந்த ஆதாரமும் தேவையில்லை. சொன்னது போதும், நிறுவனம் நம்பிக்கொள்ளும். பிரச்சினையின் விதை இங்கேதான் விழுகிறது. ஏப்ரலில் அவசர அவசரமாக, ஒவ்வொரு கட்டத்திலும் அனுமதிக்கப்பட்ட உச்சத் தொகையைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் ஏராளம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் மீதியெல்லாம் விளங்கும். சென்னையில் மாதம் 1,50,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 75,000, வீட்டு வாடகைப்படி 37,500, மீதி சிறப்புப் படி. மாத வாடகை 32,500 ரூபாய். மதுரையில் பெற்றோர் இருக்கும் வீட்டுக்குக் கடன் கட்டுகிறார். பி.எஃப். மாதம் 9,000 ரூபாய் பிடிபடுகிறது. தொழில் வரி சிறிய தொகை என்பதால் இந்தக் கணக்கில் விட்டுவிடலாம்.

இவர் பழைய வரிமுறையைத் தேர்ந்து ஏப்ரலில் தரும் அறிவிப்பு இது. வீட்டுக்கடன் வட்டி 2,00,000. மருத்துவக் காப்பீடு 25,000. 80சி பிரிவில் உச்சவரம்பான 1,50,000, இதில் பி.எஃப். பணமே 1,08,000 வந்துவிடுகிறது, மீதி 42,000 ரூபாயைப் பி.பி.எஃப்.-இல் போடப்போவதாகச் சொல்கிறார். வாடகைக்கான விலக்கு 3,00,000. இந்த மூன்று லட்சம் எப்படி வருகிறது என்றால், ஆண்டு வாடகையான 3,90,000 ரூபாயிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் பத்து சதவீதமான 90,000 ரூபாயைக் கழிக்க வேண்டும். கிடைத்த வாடகைப்படியும், சென்னையில் அடிப்படைச் சம்பளத்தின் பாதியும் இதைவிட அதிகம். மூன்றில் குறைந்ததுதான் விலக்கு. எல்லாருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு 50,000 ரூபாயையும் சேர்த்தால் மொத்தக் கழிவு 7,25,000.

ஆண்டுச் சம்பளம் 18,00,000. கழிவு போக வரிக்குரிய வருமானம் 10,75,000. பழைய முறையின் விகிதங்களில் வரி 1,35,000, நான்கு சதவீத செஸ்ஸுடன் 1,40,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,700 ரூபாய். பி.எஃப்.-உம் இந்தப் பிடித்தமும் போகக் கையில் வருவது 1,29,300. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இதே தொகைதான் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. வீட்டுச் செலவும் மாதத் தவணைகளும் இதை வைத்தே அமைந்துவிடுகின்றன.

டிசம்பரிலோ ஜனவரி முதல் வாரத்திலோ ஹெச்.ஆர். துறையிலிருந்து மின்னஞ்சல் வரும்: அறிவித்தவற்றுக்கெல்லாம் ஆதாரம் தாருங்கள், கடைசித் தேதி இன்னது. இதற்கென்று இருப்பது படிவம் 12பிபி. வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் அதில் வேண்டும். வீட்டுக்கடன் வட்டிக்கு வங்கியின் சான்றிதழ், சேமிப்புக்கு ரசீது. நம் கணக்கில் வரும் ஊழியர் வங்கிச் சான்றிதழையும் மருத்துவக் காப்பீட்டு ரசீதையும் கொடுத்துவிடுகிறார். வீட்டு உரிமையாளரோ பான் எண் தர மறுக்கிறார். வாடகையைத் தன் வருமானத்தில் காட்டாதவர்கள் இப்படி மறுப்பது சென்னையில் அதிசயம் ஒன்றுமில்லை. பி.பி.எஃப்.-இல் போடுவதாகச் சொன்ன 42,000 ரூபாயையும் இவர் இன்னும் போடவில்லை.

நிறுவனத்தின் கணக்கில் அந்த இரண்டு கட்டங்களும் பூஜ்யமாகின்றன. 3,42,000 ரூபாய்க் கழிவு போய்விட்டதால் வரிக்குரிய வருமானம் 14,17,000 ஆகிறது. கூடுதலாக வந்த தொகை முழுவதும் முப்பது சதவீத அடுக்கில் உட்காருகிறது. ஆண்டு வரி செஸ்ஸுடன் 2,47,104. ஒன்பது மாதங்களில் பிடித்தது 1,05,300. மீதி 1,41,804 ரூபாயை மூன்று மாதங்களில் பிடிக்க வேண்டும், மாதம் 47,268. கையில் வரும் சம்பளம் 1,29,300-இலிருந்து 93,732-க்கு இறங்குகிறது.

இந்த 47,268 ரூபாயில் இரண்டு பகுதிகள் உண்டு. ஆதாரம் இல்லாத நிலையில் ஏப்ரலிலிருந்தே சரியாகப் பிடித்திருந்தால் மாதம் 20,592 ரூபாய் போயிருக்கும். அது ஒரு பகுதி. ஒன்பது மாதங்களாக மாதம் 8,892 ரூபாய் குறைவாகப் பிடித்ததில் சேர்ந்த பாக்கி 80,028. அதை மூன்றாகப் பிரித்தால் வரும் 26,676 ரூபாய் இன்னொரு பகுதி. அதிர்ச்சியில் பெரும்பங்கு இந்தப் பழைய பாக்கியினுடையது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கையில் கூடுதலாக வந்த பணம்தான் இப்போது திரும்பிப் போகிறது என்பது கணக்குப்படி சரி. மாதத் தவணை கட்டுகிறவருக்கு அது ஆறுதலாக இருக்காது.

ஆதாரங்களைச் சரிபார்க்கும் மாதம் தள்ளிப்போகப் போக அடி பலமாகும். இதே ஊழியருக்கு ஜனவரிக்குப் பதிலாகப் பிப்ரவரிச் சம்பளத்தில் புதிய கணக்கு தொடங்கினால் இரண்டு மாதங்களுக்கும் மாதம் 65,052 ரூபாய் போகும். மார்ச்சில் மட்டும் பிடித்தால் ஒரே மாதத்தில் 1,18,404. கையில் மிஞ்சுவது 22,596. ஆதாரம் தரக் கூடுதல் அவகாசம் கேட்டு ஹெச்.ஆர். துறையிடம் மன்றாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. அவகாசம் நீண்டு, கடைசியில் ஆதாரமும் கிடைக்காமல் போனால் பிடித்தம் குறைந்த மாதங்களுக்குள் நெருக்கியடித்துக்கொள்ளும். டிசம்பரிலேயே கறாராகக் கேட்கும் நிறுவனம் உண்மையில் ஊழியருக்கு நல்லதுதான் செய்கிறது.

ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கலாமே என்றால், அதற்கு வழியில்லை. வரியைச் சம்பளம் கொடுக்கும்போது பிடிக்க வேண்டும். அந்த ஆண்டின் கடைசிச் சம்பளம் மார்ச் மாதத்தினுடையது. மார்ச்சில் பிடித்ததை ஏப்ரல் 30-க்குள் அரசுக்குச் செலுத்தியாக வேண்டும். கடைசிக் காலாண்டுக்கான 24க்யூ படிவத்தில் ஒவ்வோர் ஊழியரின் முழு ஆண்டுச் சம்பளம், ஏற்றுக்கொண்ட கழிவுகள், பிடித்த வரி எல்லாம் தனித்தனியே போகும். ஆதாரம் இல்லாமல் கழிவு கொடுத்து வரி குறைவாகப் பிடித்திருந்தால் சட்டம் நிறுவனத்தைத்தான் கேட்கும். குறைந்த தொகைக்கு மாதம் ஒரு சதவீத வட்டியும் அதன் தலையில் விழும். ஆகவே சந்தேகம் என்று வந்தால் கணக்குப் பிரிவு கூடுதலாகப் பிடிக்கும் பக்கமே சாயும். கூடுதலாகப் பிடித்ததற்கு நிறுவனத்துக்குத் தண்டனை ஏதும் இல்லை.

அப்படியானால் 2,47,104 ரூபாயும் போனதுதானா? இல்லை. நிறுவனத்தின் கடைசித் தேதி வேறு, சட்டத்தின் கடைசித் தேதி வேறு. ஜனவரியில் ஹெச்.ஆர். கதவை மூடிவிட்டாலும் 80சி சேமிப்புக்கு மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் பி.பி.எஃப்.-இல் 42,000 ரூபாய் போட்டுவிட்டு, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது நேரடியாகக் கழித்துக்கொள்ளலாம். வாடகையும் அப்படியே. வங்கி வழியாகச் செலுத்தியதற்கான பதிவு, வாடகை ஒப்பந்தம், ரசீது ஆகியவை கையில் இருந்தால் விலக்கை அங்கே கோரலாம். துறை பின்னால் கேள்வி கேட்டால் காட்ட அவை வேண்டும். இரண்டும் சரியாக அமைந்தால் வரி பழையபடி 1,40,400-க்கு வரும், ரீஃபண்ட் 1,06,704.

வாடகைக்கு ஆதாரமே இல்லை என்றாலும் இவருக்கு இன்னொரு வழி உண்டு. புதிய வரிமுறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக இவரது வருமானம் 17,25,000. வரி 1,50,800 மட்டுமே. எந்த ரசீதும் தேவையில்லை. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் அலுவலகத்தில் ஒரு முறையைத் தேர்ந்துவிட்டு, கணக்கு தாக்கல் செய்யும்போது மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதன்படி 96,304 ரூபாய் திரும்ப வரும். ஆண்டின் நடுவே அலுவலகக் கணக்கிலேயே மாற்றிக்கொள்ள மட்டும் பெரும்பாலான நிறுவனங்கள் விடுவதில்லை. எல்லா ஆதாரமும் கச்சிதமாகக் கொடுத்திருந்தால்கூடப் பழைய முறையில் இவருக்கு மிச்சம் 10,400 ரூபாய்தான் என்பதையும் கவனிக்கலாம். அந்தப் பத்தாயிரத்துக்காக மூன்று மாதச் சம்பளத்தைப் பணயம் வைத்தது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி. பழைய முறைக்கு மாற விரும்புகிறவர் வழக்கமாக ஜூலை 31-ஆக இருக்கும் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் புதிய முறை மட்டுமே.

புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு ஆதாரத் தொல்லை குறைவு. ஆனாலும் மார்ச் மாதம் அவர்களைத் தொடாமல் விடுவதில்லை. அங்கே காரணம் போனஸ். வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடும். ஆண்டுச் சம்பளம் 12,50,000 வாங்குகிறவருக்கு நிலையான கழிவு போக 11,75,000. ஏப்ரல் முதல் பிப்ரவரி வரை ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். மார்ச்சில் 1,00,000 ரூபாய் போனஸ் வருகிறது. உறுதியாகாத போனஸை முன்கூட்டியே மதிப்பீட்டில் சேர்க்காத நிறுவனம் இப்போது சேர்க்கிறது. வருமானம் 12,75,000 ஆகிறது. எல்லை தாண்டியதும் தள்ளுபடி முழுவதும் போய், நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட வருமானம் அத்தனைக்கும் வரி வந்துவிடுகிறது: 71,250, செஸ்ஸுடன் 74,100. எல்லையைச் சற்றே தாண்டியவர்களுக்கு, தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று ஒரு சலுகை உண்டு. இவர் தாண்டியது 75,000, செஸ்ஸுக்கு முந்தைய வரி அதற்குள் இருப்பதால் சலுகையும் இல்லை. ஒரு லட்ச ரூபாய் போனஸில் கைக்கு வருவது 25,900. போனஸுக்கு எழுபத்து நான்கு சதவீத வரி போட்டுவிட்டார்கள் என்று புலம்பல் கேட்பது இங்கேதான். வரி போனஸுக்கு மட்டுமானதல்ல, முழு ஆண்டுக்குமானது. பிடிக்க மிச்சமிருந்தது அந்த ஒரே சம்பளம்.

ஆண்டின் நடுவே வேலை மாறியவர்களின் சங்கதி இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. புதிய முறையில் இருக்கும் ஒருவர் முதல் ஆறு மாதம் மாதம் 1,20,000 வாங்கினார். பழைய நிறுவனம் ஆண்டு முழுவதும் அதே சம்பளம் என்று மதிப்பிட்டு மாதம் 7,345 ரூபாய் வீதம் 44,070 பிடித்தது. அக்டோபரில் 1,40,000 ரூபாய்க்குப் புதிய இடம். புதிய நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரிவது ஆறு மாதச் சம்பளமான 8,40,000 மட்டுமே. நிலையான கழிவு கொடுத்தபின் அது 12 லட்சத்துக்கு வெகு கீழே நிற்பதால் பிடித்தம் பூஜ்யம். அக்டோபரில் சம்பளம் கூடியது மட்டுமல்லாமல் வரியும் நின்றுபோனதாகத் தோன்றும். உண்மையில் இரு சம்பளமும் சேர்ந்து 15,60,000, ஒருமுறைக்கு மேல் கிடையாத நிலையான கழிவு போக 14,85,000, வரி 1,06,860. பாக்கி 62,790.

முந்தைய இடத்துச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் படிவம் 12பி-இல் எழுதிப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் அது மொத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடும். சேர்ந்த மாதமே கொடுத்திருந்தால் பாக்கி ஆறு மாதங்களில் பரவி மாதம் 10,465 ரூபாயாக முடிந்திருக்கும். ஜனவரியில் கொடுத்தால் மாதம் 20,930. கொடுக்காமலே விட்டால் சம்பளம் இளைக்காது. ஆனால் கணக்கு தாக்கல் செய்யும்போது 62,790 ரூபாயை ஒரே மூச்சில் கட்ட வேண்டும். பிடித்தம் போக நிற்கும் வரி 10,000 ரூபாயைத் தாண்டினால் ஆண்டுக்குள்ளேயே முன்கூட்டி வரி செலுத்தியிருக்க வேண்டும் என்பது விதி. செலுத்தாததற்கு 234பி, 234சி பிரிவுகளின்படி வட்டியாகச் சில ஆயிரம் ரூபாய் சேரும். பழைய நிறுவனம் தரும் படிவம் 16 அடுத்த ஜூனில்தான் வரும் என்பதால் அதற்காகக் காத்திருப்பதில் பயனில்லை. கடைசிச் சம்பளச் சீட்டும் விலகும்போது தரும் கணக்கு முடிப்புத் தாளும் போதும்.

இவை எதுவும் ஜனவரியில்தான் தெரியவரும் என்பதில்லை. சம்பளச் சீட்டுடன் பெரும்பாலான நிறுவனங்கள் வருமான வரிக் கணக்குத் தாள் ஒன்றையும் இணையதளத்தில் வைக்கின்றன. திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அதில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். ஆண்டுச் சம்பளம் என்று போட்டிருக்கும் தொகையில் வரப்போகும் போனஸ் சேர்ந்திருக்கிறதா, முந்தைய நிறுவனச் சம்பளத்துக்கான வரி காலியாக இருக்கிறதா, கழிவுகளில் அறிவித்தது எவ்வளவு, அதில் ரசீது கையில் இருப்பது எவ்வளவு. கிடைக்கும் உண்மையான வருமானத்துக்கு ஆண்டு வரியைப் போட்டு, இதுவரை பிடித்ததைக் கழித்து, எஞ்சிய மாதங்களால் வகுத்தால் வரப்போகும் பிடித்தம் தெரிந்துவிடும். நம் முதல் ஊழியர் இதை செப்டம்பர் இறுதியில் செய்து, சந்தேகத்துக்கிடமான வாடகையையும் பி.பி.எஃப்.-ஐயும் அறிவிப்பிலிருந்து தானே நீக்கியிருந்தால், மீதி ஆறு மாதங்களுக்கு மாதம் 29,484 ரூபாய் பிடிபட்டிருக்கும். அதுவும் அதிகம்தான், ஆனால் ஜனவரியின் 47,268 அல்ல. பல நிறுவனங்களில் அறிவிப்பை மாற்றும் வசதி ஒவ்வொரு மாதமும் சம்பளக் கணக்கு முடிவதற்குச் சில நாள் முன்புவரை திறந்திருக்கும். ஆதாரம் கேட்கும் காலம் தொடங்கியதும் அது மூடிவிடும். மார்ச் சம்பளம் போன பிறகு கூடுதலாகப் பிடித்ததை நிறுவனமே திருப்பித் தர இயலாது. பணம் அரசிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அதைப் பெற வருமான வரித் துறையில் கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்டுக்குக் காத்திருப்பது ஒன்றே வழி.